பணவீக்கத்தோடு தேறிய நிகழ்காலப் பெறுமதி: மெய் முறையா, பெயரளவு முறையா?

சுன்னாகத்தில் மிளகாய்த்தூள், கறித்தூள் அரைக்கிற மில் ஒன்று போட மச்சான் யோசித்துக்கொண்டிருக்கிறார். கணக்குப் போடும்போது அவர் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம்: "வங்கியில 14 வீதம் வட்டி எண்டு சொல்லுறாங்கள். சாமான் விலையும் வருசா வருசம் ஏறும். அப்ப ரெண்டையும் கழிக்கோணுமோ, ஒண்டை மட்டும் கழிச்சாக் காணுமோ?"

தேறிய நிகழ்காலப் பெறுமதி என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். வருங்காலக் காசைக் கழிவு வீதத்தால் இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவந்து, போட்ட முதலைக் கழிப்பது. அவ்வளவுதான். பணவீக்கம் உள்ளே வந்ததும்தான் பலருக்குக் கணக்குப் பிழைக்கிறது.

மில்லின் கணக்கு

இயந்திரம், மோட்டார், பொருத்துகூலி எல்லாம் சேர்த்து 1,050,000 ரூபா. நான்கு வருடம் ஓட்டுவது, அதற்குப் பிறகு இயந்திரத்துக்கு விலை இல்லை என்று வைத்துக்கொள்வோம். செலவு போக வருடத்துக்கு 350,000 ரூபா மிஞ்சும். இந்தத் தொகை இன்றைய விலையில் சொன்னது. அரைகூலியும் மின்சாரமும் சம்பளமும் இன்று என்ன விலையோ அதே விலையில் நான்கு வருடமும் போட்ட கணக்கு.

வங்கி வட்டி 14 சதவீதம். பணவீக்கத்துக்கு, மத்திய வங்கி இலக்காக வைத்திருக்கிற 5 சதவீதத்தை எடுத்துக்கொண்டேன். விளக்கம் இலேசாக இருப்பதற்காக வருடத்துக் காசு முழுவதும் வருடக் கடைசியில் வருவதாக எடுக்கிறேன்.

படி 1: எந்த எண் எந்த வகை என்று எழுதிவையுங்கள்

வங்கி சொல்கிற 14 சதவீதம் பெயரளவு வீதம். விலை ஏறும் என்பதை எதிர்பார்த்து, அதற்கான ஈட்டையும் சேர்த்துத்தான் வங்கி அந்த வீதத்தைச் சொல்கிறது. மச்சானின் 350,000 ரூபாவோ மெய்க் காசு, அதில் விலையேற்றம் இல்லை. ஒன்றில் பணவீக்கம் இருக்கிறது, மற்றதில் இல்லை. இந்த இரண்டையும் அப்படியே ஒரே சூத்திரத்தில் போட்டால் விடை பிழை.

பிழைத்தால் எவ்வளவு பிழைக்கும்? 350,000 ரூபாவை நான்கு வருடத்துக்கு 14 சதவீதத்தில் கழித்தால் 1,019,799 ரூபா வருகிறது. முதலைக் கழித்தால் மறை 30,201. மில் வேண்டாம் என்கிறது கணக்கு. ஆனால் சரியாகச் செய்தால் நேர் 94,651 வரும் என்று கீழே காணலாம். போடக்கூடிய மில் ஒன்றை இந்தக் கலப்பு தடுத்துவிடும்.

தலைகீழாகக் கலந்தாலும் ஆபத்துத்தான். விலையேற்றத்தைச் சேர்த்த காசை மெய் வீதத்தால் கழித்தால் நேர் 238,594 என்று காட்டும். இது இன்னும் மோசம். நட்டப்படுகிற தொழிலைக்கூட இலாபம் என்று காட்டிவிடும்.

படி 2: மெய் வீதத்தைக் கண்டுபிடித்தல்

14 இலிருந்து 5 ஐக் கழித்து 9 என்று எழுதுவதுதான் பலரின் வழக்கம். வேண்டாம். வகுக்க வேண்டும்:

```
(1 + 0.14) / (1 + 0.05) - 1 = 0.085714
```

மெய் வீதம் 8.57 சதவீதம். 9 க்குப் பக்கத்தில்தானே என்று தோன்றும். இந்த மில்லில் 9 ஐப் போட்டால் 94,651 க்குப் பதிலாக 83,902 வரும், முடிவு மாறாது. ஆனால் பணவீக்கம் கூடினால் இடைவெளி பெரிதாகும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அப்படியான காலத்தில் வட்டி 25, பணவீக்கம் 70 என்று எடுத்துப் பாருங்கள். கழித்தால் மறை 45, வகுத்தால் மறை 26.5. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

படி 3: இரண்டு முறையிலும் செய்து பாருங்கள்

நான் லிப்ரே ஆபிஸ் கல்க்கில்தான் செய்கிறேன். இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும், சூத்திரம் எக்செலில் இருப்பதேதான். கைப்பேசிச் செயலிகளில் கிடைக்கிற ஆயத்தக் கணிப்பான்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே பணவீக்கத்தை எப்படிக் கையாள்கிறது என்று பார்க்க முடியாது.

B1 இல் 14%, B2 இல் 5%. ஐந்தாவது வரிசையில் B5 முதல் F5 வரை வருடங்கள் 0, 1, 2, 3, 4. ஆறாவது வரிசையில் இன்றைய விலைக் காசு: B6 இல் -1050000, மற்ற நான்கிலும் 350000.

```
B3:  =(1+B1)/(1+B2)-1
B7:  =B6*(1+$B$2)^B5
B9:  =B6+NPV(B3,C6:F6)
B10: =B7+NPV(B1,C7:F7)
```

B7 ஐ F7 வரை இழுத்துவிடுங்கள். முதல் வருடம் 367,500, பிறகு 385,875, 405,169, கடைசி வருடம் 425,427 என்று காசு ஏறிக்கொண்டு போகும். B9 மெய் முறை, B10 பெயரளவு முறை. இரண்டிலும் 94,651 வரவேண்டும். ஒரு ரூபா வித்தியாசம் வந்தாலும் எங்கேயோ கலந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

NPV என்கிற அந்தச் சூத்திரம் தனக்குக் கொடுத்த முதல் எண்ணை ஒரு வருடம் கழித்து வருவதாக எடுக்கும். ஆகவே முதலை அடைப்புக்குள் போடக்கூடாது, மேலே உள்ளதுபோல வெளியே கூட்ட வேண்டும்.

படி 4: விலையோடு ஏறாத காசு

என்னை அதிக நேரம் மறித்து வைத்த இடம் இதுதான். பாடப்புத்தகங்களில் எல்லாக் காசும் ஒரே வீதத்தில் ஏறும், இரண்டு முறையும் அழகாக ஒத்துப்போகும். நிசத்தில் அப்படி இல்லை.

மச்சானின் 350,000 ஐப் பிரித்துப் பார்த்தோம். அரைகூலியில் மற்றச் செலவுகள் போக 470,000. அதிலிருந்து கடையறை வாடகை மாதம் 10,000 வீதம் வருடத்துக்கு 120,000. அந்த வாடகை நான்கு வருடத்துக்கு உறுதியில் எழுதியாயிற்று, ஏறாது. அப்படியென்றால் 470,000 தான் வருடம் 5 சதவீதம் ஏறும். 120,000 அப்படியே நிற்கும்.

பெயரளவு முறையில் இது இலகு. ஏறுவதை ஏற்றி, ஏறாததை அப்படியே கழித்தால் 373,500, 398,175, 424,084, 451,288 என்று வரும். 14 சதவீதத்தில் கழித்து முதலை எடுத்தால் 137,457. வாடகை ஏறாததால் 42,806 ரூபா கூடுதல் பெறுமதி.

மெய் முறையில் பலர் வாடகையை 120,000 என்றே நான்கு வருடமும் போட்டுவிட்டு, விடை 94,651 இலேயே நிற்கிறதே என்று முழிப்பார்கள். மெய் முறையில் எல்லாம் இன்றைய ரூபாவில் இருக்க வேண்டும். நான்காம் வருடம் கொடுக்கிற 120,000 ரூபாவால் இன்றைய விலையில் 98,724 ரூபாச் சாமான்தான் வாங்கலாம். ஆகவே வாடகையை ஒவ்வொரு வருடமும் பணவீக்கத்தால் வகுத்துக் குறைக்க வேண்டும்: 114,286, 108,844, 103,661, 98,724. இவற்றை 470,000 இலிருந்து கழித்து, 8.57 சதவீதத்தில் கொண்டுவந்தால் அதே 137,457.

வரிக் கணக்கில் வருகிற மூலதனக் கழிப்பனவும் இந்த வகைதான். இயந்திரத்தை வாங்கிய விலையில் கணிக்கப்படுவதால் பணவீக்கத்தோடு ஏறாது. நிலையான தவணைக் கட்டணம் எதுவும் அப்படியே.

இதனால் என் விருப்பம் பெயரளவு முறை. வங்கி வட்டி, உறுதி வாடகை, வரி எல்லாம் பெயரளவு ரூபாவில்தான் கையில் வருகின்றன. மின்சாரம் ஒரு வீதத்திலும் சம்பளம் இன்னொரு வீதத்திலும் ஏறும் என்று நினைத்தால் வரிசைக்கு ஒரு வீதம் போடலாம். மெய் முறையை நான் சரிபார்க்கத்தான் வைத்திருக்கிறேன். எல்லாக் காசும் விலைவாசியோடு சேர்ந்தே ஏறும் என்றால் மட்டும் அது சுருக்கமான வழி.

பணவீக்கத்தை மாற்றிப் பார்க்கும்போது

5 ஐ 10 ஆக்கிப் பார்ப்பது நல்லது. ஆனால் B2 ஐ மட்டும் மாற்றினால் மெய் வீதம் 3.64 க்கு விழுந்து, பெறுமதி தாறுமாறாக ஏறும். நிலையான வட்டியில் ஏற்கனவே எடுத்த கடனை வைத்துக் கணிக்கிறீர்கள் என்றால் அது நியாயம். மற்றபடி பணவீக்கம் 10 என்று எல்லாரும் எதிர்பார்க்கிற நாட்டில் வங்கி 14 க்குத் தராது. மெய் வீதத்தை 8.57 இல் நிறுத்தி, பெயரளவு வீதத்தைத் திரும்பக் கணியுங்கள்: 1.085714 × 1.10, அதாவது 19.43 சதவீதம். அப்படிச் செய்தால் எல்லாம் ஏறுகிற முதல் கணக்கு 94,651 இலேயே அசையாமல் நிற்கும். உறுதி வாடகைக் கணக்கு 173,060 க்கு ஏறும். பணவீக்கம் கூடக் கூட, எழுதிவைத்த வாடகை மச்சானுக்கு மலிவாகிறது என்பதே அதன் பொருள்.

பிற்சேர்க்கை: அட்வான்ஸ் காசு

பதிவைப் பார்த்த ஒருவர், கடைக்குக் கொடுக்கிற அட்வான்ஸை எப்படிச் சேர்ப்பது, கடைசியில் திரும்ப வருவதால் விட்டுவிடலாமா என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். விடக்கூடாது. 2 இலட்சம் இன்று கொடுத்து, நான்கு வருடத்தில் அதே 2 இலட்சம் திரும்ப வந்தால், அதன் இன்றைய பெறுமதி 118,416 மட்டுமே. 81,584 ரூபா போய்விட்டது. மில்லின் பெறுமதி 137,457 இலிருந்து 55,873 க்கு இறங்கும். மெய் முறையில் செய்கிறவர்கள் திரும்ப வருகிற 2 இலட்சத்தை 1.05 இன் நான்காம் அடுக்கால் வகுத்துவிட்டுத்தான் 8.57 இல் கழிக்க வேண்டும். வகுக்க மறந்தால் இந்த நட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாது.

கடையறையின் சொந்தக்காரரோடு பேரம் பேசவும் இது உதவும். அட்வான்ஸ் வேண்டாம், வாடகையை மாதம் 12,000 ஆக்குவோம் என்று அவர் சொன்னால், வருடத்துக்கு 24,000 கூடுதல். நான்கு வருடத்துக்கு 14 சதவீதத்தில் அதன் பெறுமதி 69,929. 81,584 ஐவிடக் குறைவு, ஆகவே கூடிய வாடகையே மச்சானுக்கு இலாபம். மாதம் 12,333 வரைக்கும் மச்சான் சம்மதிக்கலாம், அதற்கு மேலே கேட்டால் அட்வான்ஸைக் கொடுப்பதே நல்லது.