கூடுதல் விடைத்தாள் கட்டு வேண்டாம் என்று அதிபருக்கு எழுதுவது எப்படி?

தவணைப் பரீட்சை தொடங்கி மூன்றாம் நாள், புதன்கிழமை. இடைவேளை மணி அடித்து, தேநீரை வாயில் வைக்கிற நேரம் பார்த்துப் பிரதி அதிபர் வந்து நின்றார். "ரீச்சர், தரம் 8 விஞ்ஞானக் கட்டையும் நீங்களே பாத்துவிடுங்கோ. வெள்ளிக்கிழமை இன்னொரு மண்டபமும் இருக்கு." நான் பாதித் தலையை ஆட்டினேன். ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. அந்தப் பாதித் தலையாட்டலைச் சரிசெய்ய எழுதிய கடிதத்தைத்தான் இங்கே படிப்படியாகக் காட்டப் போகிறேன்.

இது பாடசாலைக்குள் நடக்கும் தவணைப் பரீட்சைக்கு மட்டும். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளின் நோக்குநர் கடமையும் விடைத்தாள் திருத்தமும் பரீட்சைத் திணைக்களத்தின் தனி நியமனங்கள். அவற்றில் அதிபருக்கு எழுதும் இந்தக் கடிதம் உதவாது.

முதலில் கடமைப் பட்டியலைக் கையில் எடுங்கள்

"எனக்கு வேலை கூட" என்று எல்லோரும்தான் சொல்வார்கள். எழுத்தில் எவ்வளவு வேலை தரப்பட்டது என்று காட்டினால்தான் மிச்சம் கூடுதல் என்று ஆகும். அறிவித்தல் பலகையில் ஒட்டிய பரீட்சைக் கடமைப் பட்டியலைப் போனில் படம் எடுத்து வையுங்கள். என் பெயருக்கு எதிரே 5 மண்டபக் கடமைகள், நாளுக்கு ஒன்று, ஒவ்வொன்றும் 2 மணித்தியாலம். திருத்துவதற்குத் தரம் 9, 10 விஞ்ஞான விடைத்தாள்கள் 78. புள்ளிப் பட்டியலை அடுத்த திங்கட்கிழமை காலை ஒப்படைக்க வேண்டும்.

வாய்மொழியாகக் கேட்கப்பட்ட கூடுதல்: தரம் 8 விடைத்தாள்கள் 40, வெள்ளி காலை ஒரு மண்டபம்.

அப்புறம் மணிக்கூட்டைப் பாருங்கள்

நான் முதன்முதலில் எழுதிய இப்படியான கடிதம் இரண்டு பக்கம். வேறொரு பாடசாலையில், பல வருடத்துக்கு முந்தைய கதை. யாருக்கு எத்தனை பாடவேளை, யார் மண்டபத்துக்குப் பிந்தி வருகிறார் என்றெல்லாம் எழுதியிருந்தேன். அன்றைய அதிபர் பாதியிலேயே நிமிர்ந்து, "அப்ப மற்றவை எல்லாம் சும்மாவா இருக்கினம்?" என்றார். கதை முடிந்தது. என் வேலையைப் பற்றிய கடிதம் மற்றவர்களைப் பற்றிய முறைப்பாடாக மாறிவிட்டது. அன்றிலிருந்து என் கடிதத்தில் ஆட்கள் வருவதில்லை, நிமிடங்கள் மட்டும்தான்.

நிமிடத்தைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். கட்டிலிருந்து 5 விடைத்தாள்களை எடுங்கள். மேலே இருக்கிற கெட்டிக்காரப் பிள்ளைகளின் தாள்களாகப் பொறுக்க வேண்டாம், நடுவிலிருந்து எடுங்கள். நேரத்தைக் குறித்துவிட்டுத் திருத்துங்கள். பகுதி I பல்தேர்வு, துளையிட்ட அட்டையை மேலே வைத்தால் ஒரு நிமிடத்தில் முடியும். நேரத்தைத் தின்பது பகுதி II. ஒரு பிள்ளை விடையைச் சரியாகத் தொடங்கி, நடுவில் அழித்து, பக்க ஓரத்தில் அம்புக்குறி போட்டுத் தொடர்ந்திருக்கும். அதைத் தேடிப் பிடித்துப் புள்ளித் திட்டத்தோடு ஒப்பிட வேண்டும். செவ்வாய் இரவு எனக்கு 5 தாளுக்கு ஒரு மணித்தியாலம் போனது. ஆக, ஒரு தாளுக்கு 12 நிமிடம்.

இனிக் கணக்கு எளிது. 78 தாளுக்கு 936 நிமிடம், அதாவது 15 மணி 36 நிமிடம். நான் மூதூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். கிண்ணியாப் பாலம் தாண்டி வீடு சேர்ந்து, சமையல், பிள்ளைகள் எல்லாம் முடிய இரவு 8 மணி. 8 முதல் 10 வரை திருத்தலாம். செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு இரவுகளில் 8 மணித்தியாலம், சனியும் ஞாயிறும் நான்கு நான்காக 8. மொத்தம் 16. மிச்சம் 24 நிமிடம், அதுவும் கூட்டிச் சரிபார்த்துப் பட்டியலில் ஏற்றப் போய்விடும். மாரி மழையில் ஒரு இரவு கரண்ட் போனால் அதுவும் இல்லை.

தரம் 8 கட்டுக்கு 40 × 12 = 480 நிமிடம். 8 மணித்தியாலம். இதற்கு இடமே இல்லை.

"மண்டபத்தில் இருந்துகொண்டே திருத்தலாமே" என்ற யோசனை கட்டாயம் வரும். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் தாளைப் பார்த்துக் குனிந்திருந்தால் மண்டபத்தை யாரும் பார்க்கவில்லை என்றே அர்த்தம். பின் வரிசையில் துண்டுக் கடதாசி கைமாறினால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

மண்டபமும் கட்டும் ஒன்றல்ல

புதிதாக எழுதுபவர்கள் இரண்டையும் சேர்த்து ஒரே காரணம் சொல்லிவிடுவார்கள். மண்டபக் கடமை ஒரு குறித்த மணிக்கு உரியது. அதைத் தள்ளிப்போட முடியாது, ஆள் இல்லாவிட்டால் பிள்ளைகள் காவலில்லாமல் இருப்பார்கள். ஆகவே அதை மறுக்க உறுதியான காரணம், அதே மணிக்கு இன்னொரு கடமை இருப்பதுதான். களைப்பு, தூரம் எல்லாம் இங்கே எடுபடாது. எனக்கு வெள்ளி காலை பட்டியலின்படி ஏற்கெனவே வேறொரு மண்டபம் இருந்தது. பிரதி அதிபர் அதைக் கவனிக்கவில்லை. ஒரு வரி போதும். நேரம் மோதாத மண்டபமாக இருந்திருந்தால் நான் போயிருப்பேன். கட்டை மறுக்கும்போது அது கை கொடுக்கும்.

திருத்தும் கட்டு அப்படியல்ல. அதைத் தள்ளிப்போடலாம், பிரிக்கலாம். அதனால் அங்கே வெறும் "இயலாது" போதாது, எப்போது இயலும் என்றும் சொல்ல வேண்டும்.

கடிதம்

ஒரு பக்கத்துக்குள், கையால் எழுதினாலும் சரி. பெயர்களுக்குப் பதில் புள்ளி விட்டிருக்கிறேன்.

> அதிபர்,
> .................. வித்தியாலயம்,
> திருகோணமலை.
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> மேலதிகப் பரீட்சைக் கடமைகளிலிருந்து விடுவித்தல் தொடர்பாக
>
> தவணைப் பரீட்சைக் கடமைப் பட்டியலின்படி எனக்கு 5 மண்டபக் கடமைகளும் தரம் 9, 10 விஞ்ஞான விடைத்தாள்கள் 78உம் ஒதுக்கப்பட்டுள்ளன. இவற்றை முழுமையாக நிறைவேற்றி, புள்ளிப் பட்டியலைத் திங்கட்கிழமை காலை ஒப்படைப்பேன்.
>
> இன்று (புதன்) இடைவேளையின்போது, தரம் 8 விடைத்தாள்கள் 40ஐயும் வெள்ளி காலை மண்டபக் கடமை ஒன்றையும் மேலதிகமாக ஏற்குமாறு வாய்மொழியாகக் கேட்கப்பட்டேன். வெள்ளி காலை அதே நேரத்தில் பட்டியலின்படி எனக்கு வேறு மண்டபம் உள்ளது. விடைத்தாள் ஒன்றுக்குச் சராசரியாக 12 நிமிடம் செல்வதால், ஒதுக்கப்பட்டவற்றுக்கே 15 மணி 36 நிமிடம் தேவை. மேலதிகக் கட்டுக்கு இன்னும் 8 மணித்தியாலம் தேவைப்படும். அதனைத் திங்கட்கிழமைக்குள் முடிக்க என்னால் இயலாதுள்ளது.
>
> எனவே இம்மேலதிகக் கடமைகளிலிருந்து என்னை விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தரம் 8 புள்ளிகளை அடுத்த வெள்ளிக்கிழமை ஒப்படைக்க அனுமதித்தால் 40 விடைத்தாள்களையும் ஏற்க முடியும். திங்கட்கிழமையே வேண்டுமாயின், நாளைய மண்டபக் கடமையை வேறொருவருக்கு மாற்றித் தந்தால் 10 விடைத்தாள்களைத் திருத்தித் தருவேன்.
>
> வெள்ளி மண்டபத்துக்கு மாற்று ஒழுங்கு செய்ய வேண்டியிருப்பதால், தங்கள் முடிவை இன்று பாடசாலை முடிவதற்குள் அறியத் தருமாறு வேண்டுகிறேன்.
>
> தங்கள் உண்மையுள்ள,
> (கையொப்பம், பெயர், பதவி, திகதி)

இதில் "மறுக்கிறேன்" என்ற சொல் இல்லை, கவனித்தீர்களா? அந்தச் சொல்லை எழுதினால் கடிதம் கட்டளைக்குக் கீழ்ப்படியாமையாகப் படிக்கப்படும். "இயலாதுள்ளது", "விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்றால் அது கோரிக்கை. முடிவு அதிபரிடம் இருக்கிறது. தாபன விதிக்கோவையை மேற்கோள் காட்டும் ஆசை வரும். பந்தி இலக்கம் கையில் இல்லாமல் காட்டாதீர்கள். அலுவலகத்தில் யாராவது புத்தகத்தைத் திறந்து பார்த்தால், உங்கள் 12 நிமிடத்தையும் நம்பமாட்டார்கள்.

கொடுக்கும் விதம்

ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். அங்கே போட்டால் அதிபர் எல்லோர் முன்னாலும் பதில் சொல்ல வேண்டி வரும், அந்தப் பதில் ஒருநாளும் "சரி" என்று வராது. முதலில் பிரதி அதிபரிடம் போய், "சேர், வெள்ளிக்கிழமை எனக்கு ஏற்கெனவே மண்டபம் இருக்கு, அதிபருக்கு ஒரு கடிதம் குடுக்கப்போறன்" என்று சொல்லிவிடுங்கள். அவர் கேட்டதைத்தான் நீங்கள் மேலே கொண்டுபோகிறீர்கள், அவருக்குத் தெரியாமல் போகக்கூடாது. பிறகு இரண்டு பிரதியோடு அலுவலகத்துக்குப் போய், ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதிகம் கிடைக்கிற பதில் "சரி சரி, பாப்பம்". அது விடுவிப்பு அல்ல. அறிவித்தல் பலகையில் திருத்திய பட்டியல் ஏறும்போது போய்ப் பாருங்கள். மேலதிக மண்டபத்துக்கு எதிரே உங்கள் பெயர் இன்னும் இருந்தால், உங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை. அப்போதும் மண்டபத்தை வெறுமையாக விடாதீர்கள். நேரம் மோதாவிட்டால் போய் நின்றுவிட்டு, அது மேலதிகக் கடமை என்று பட்டியலில் எழுத்தில் குறித்துத் தருமாறு கேளுங்கள். அதற்குப் பிறகும் குறை இருந்தால், வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதலாம், அதுவும் அதிபர் ஊடாக. நேரே அனுப்பிய கடிதம் பெரும்பாலும் அதிபரின் விளக்கம் கேட்டுத் திரும்பிப் பாடசாலைக்கே வரும்.

என் கடிதத்துக்கு அன்றே பதில் வந்தது. அதிபர் ஓரத்தில் இரண்டு வரி எழுதியிருந்தார்: வெள்ளி மண்டபத்துக்கு வேறு ஆள், தரம் 8 கட்டில் பாதி எனக்கு, பாதி தரம் 7 விஞ்ஞான ஆசிரியருக்கு, புள்ளிகள் அடுத்த வெள்ளி. கட்டை எண்ணி இருபது இருபதாகப் பிரிக்கப் போனவரை நான் நிறுத்தினேன். ஒருவர் கை தாராளம், மற்றவர் கை இறுக்கம் என்றால், எந்தக் கட்டில் தாள் விழுந்தது என்பதே பிள்ளையின் புள்ளியை மாற்றிவிடும். அதனால் வினாவாகப் பிரித்தோம். பகுதி I உம் முதல் வினாக்களும் அவருக்கு, கடைசி வினாக்கள் 40 தாளிலும் எனக்கு. புள்ளித் திட்டத்தின் ஒரே பிரதியைக் கடைச் சந்தியில் படப்பிரதி எடுத்து ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டோம். கட்டு மழையில் நனையாமல் பொலித்தீன் பைக்குள் போய், செவ்வாய்க்கிழமை என் பஸ்ஸில் ஏறியது.