கூற்று–காரணம்: இரண்டும் சரி, ஆனாலும் விளக்கம் இல்லை

பத்தாம் வகுப்பு ஒரு மதிப்பெண் வினாவிலும் போட்டித் தேர்வுகளிலும் கூற்று–காரணம் கேள்வி வந்தால், மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். கூற்று தவறு என்றோ காரணம் தவறு என்றோ இருந்தால் பாடம் படித்தவர் கண்டுபிடித்துவிடுவார். இரண்டும் உண்மையாக இருந்து, காரணம் மட்டும் கூற்றை விளக்காமல் நிற்கும்போதுதான் கை தடுமாறும். அந்த ஒரு வகையை மட்டும் இங்கே பார்ப்போம். நம் ஊர்ப் பக்கத்துச் செய்திகளையே எடுத்துக்கொண்டால் எளிதாக விளங்கும்.

கூற்று: தாமிரபரணி வற்றாத ஆறு.
காரணம்: தாமிரபரணி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது.

இரண்டும் உண்மை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் பக்கம் கடலில் சேரும் ஆறு அது. ஆனால் எங்கே போய்ச் சேருகிறது என்பது ஏன் வற்றவில்லை என்பதற்குப் பதில் ஆகாது. இதில் யாரும் ஏமாற மாட்டார்கள். இப்போது காரணத்தை மட்டும் மாற்றுவோம்.

காரணம்: தாமிரபரணியிலும் அதன் துணையாறான மணிமுத்தாற்றிலும் அணைகள் உள்ளன.

இங்கே பலர் 'சரியான விளக்கம்' என்று குறித்துவிடுவார்கள். அணை தண்ணீரைத் தேக்குகிறது, கோடையில் திறந்துவிடுகிறது, அதனால் ஆறு வற்றவில்லை என்று மனம் தானாகவே ஒரு பாலம் போட்டுக்கொள்கிறது. கவனியுங்கள், அந்தப் பாலம் கேள்வித்தாளில் இல்லை, நாம் போட்டது. அது தாங்குமா என்று பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு.

முதலாவது, காரணத்தை நீக்கிப் பார்ப்பது. அணைகள் இல்லாவிட்டால் ஆறு வற்றியிருக்குமா? மணிமுத்தாறு அணை 1950களில்தான் கட்டப்பட்டது. அதற்கு வெகு காலம் முன்பே தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் என்று இரண்டு போகம் நெல் விளைந்தது. கார் தென்மேற்குப் பருவமழைத் தண்ணீரை நம்பியது, பிசானம் வடகிழக்கை நம்பியது. விளைவு முன்பே இருக்கிறது, 'காரணம்' பின்னால் வருகிறது என்றால் அது விளக்கம் ஆகாது.

இரண்டாவது, அதே காரணம் வேறு இடத்தில் அதே விளைவைத் தருகிறதா என்று பார்ப்பது. வைகைக்கும் அணை இருக்கிறது. ஆனால் மதுரையில் ஆண்டின் பல மாதங்கள் மணல்தான் தெரிகிறது. ஆக, அணை மட்டும் ஓர் ஆற்றை வற்றாத ஆறாக்கிவிடாது. உண்மையான விளக்கம் பொதிகை மலையின் நீர்ப்பிடிப்புப் பகுதி இரண்டு பருவமழைகளையும் பெறுகிறது என்பதே. கோடையில் அணைநீர் ஆற்றுக்கு உதவுகிறது என்பது மெய்தான், ஆனால் கூற்று கேட்பது ஆற்றின் இயல்பைப் பற்றி.

இந்தச் சோதனைகளுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. காரண வரியைக் கையால் மறைத்துக்கொண்டு, கூற்றை மட்டும் படித்து, 'ஏன்?' என்று கேட்டு நீங்களே ஒரு வரியில் பதில் சொல்லுங்கள். பிறகு கையை எடுத்து ஒப்பிடுங்கள். காரணத்தை முதலில் படித்துவிட்டால், கண்ணில் பட்ட எந்த உண்மையையும் மூளை 'ஏனென்றால்' போட்டு ஒட்டவைத்துவிடும். இரண்டு வரியும் ஒரே பாடத்திலிருந்து வருவதால் ஒட்டு இன்னும் இறுகலாகத் தெரியும்.

அடுத்த தவறு நுட்பமானது. நன்றாகப் படிப்பவர்களே இதில் விழுகிறார்கள்.

கூற்று: உவரி, திருச்செந்தூர் போன்ற கடலோர ஊர்களில் இரும்புச் சாமான்கள் விரைவாகத் துருப்பிடிக்கின்றன.
காரணம்: இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் நீரும் தேவை.

காரணம் பாடநூலில் உள்ள உண்மை, துருவைப் பற்றியது, 'ஏனென்றால்' போட்டாலும் வாக்கியம் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் கூற்றின் உயிர் 'துருப்பிடிக்கின்றன' என்ற சொல்லில் இல்லை, 'விரைவாக' என்பதில் இருக்கிறது. ஆக்சிஜனும் ஈரமும் பாளையங்கோட்டையிலும் உண்டு, அங்கேயும் இரும்பு துருப்பிடிக்கிறது. கடற்கரையில் ஏன் கூடுதல் வேகம் என்பதற்குக் காரண வரி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடல்காற்றில் வரும் உப்பு, இரும்பின் மேல் படியும் ஈரத்தில் கரைந்து மின்பகுளியாகிறது, அதனால் அரிமானம் வேகமாகிறது என்று இருந்திருந்தால் அது விளக்கம். துருவின் வாய்பாடு Fe₂O₃·xH₂O என்று இருந்தாலும் உண்மைதான், அதுவும் விளக்காது.

ஆகவே கூற்றில் எந்தச் சொல் விளக்கம் கேட்கிறதோ அதன் அடியில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். விரைவாக, மட்டும், அதிகம், வற்றாத, முதலில் போன்ற சொற்கள்தான் பெரும்பாலும் அந்த இடம். காரணம் அந்தச் சொல்லைத் தொடவில்லை என்றால், மற்ற எதைத் தொட்டாலும் விடை 'இரண்டும் சரி, ஆனால் விளக்கமல்ல' என்பதுதான்.

தலைகீழாக வரும் கேள்வியும் உண்டு. 'தேரி மணலில் இரும்பு ஆக்சைடு உள்ளது' என்பது கூற்று, 'தேரி மணல் சிவப்பாக இருக்கிறது' என்பது காரணம். சிவப்பு நிறத்தை வைத்துத்தான் இரும்பு இருப்பதை நாம் ஊகிக்கிறோம், அதனால் காரணம் போலவே தோன்றும். ஆனால் இரும்பு ஆக்சைடால் சிவப்பு வந்தது, சிவப்பால் இரும்பு வரவில்லை. அடையாளம் வேறு, காரணம் வேறு. இரண்டு வரியையும் இடம் மாற்றிப் படித்தால் வாக்கியம் இன்னும் நேராகிறதா? அப்படியானால் கொடுத்த வரிசையில் அது விளக்கம் அல்ல.

இவ்வளவும் பழகிய பிறகு சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்து, நல்ல விளக்கத்தையும் நிராகரிக்கத் தொடங்குவார்கள். 'தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் திருநெல்வேலி நகரில் மழை குறைவு' என்பது கூற்று, 'அது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் உள்ளது' என்பது காரணம். 'மலைக்குக் கிழக்கேதானே குற்றாலமும் இருக்கிறது, அங்கே ஜூனில் சாரல் அடிக்கிறதே' என்று உள்ளூர்க்காரருக்குத் தோன்றும். குற்றாலம் மலையடிவாரத்தில், செங்கோட்டைக் கணவாய்க்கு அருகில் இருக்கிறது. கணவாய் வழியாகவும் மலைமுகட்டைத் தாண்டியும் ஈரக்காற்றும் மேகமும் அங்கே இறங்கிவிடுகின்றன. நகரம் அந்த எல்லைக்கு வெளியே சமவெளியில் இருக்கிறது. கூற்று பேசுவது நகரத்தை மட்டும், அதற்கு மழை மறைவு சரியான விளக்கம். மாற்று உதாரணம் தேடும்போது அது கூற்று சொல்லும் இடத்துக்கும் காலத்துக்கும் உட்பட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். காரணம் எல்லாக் காரணங்களையும் சொல்லித் தீர்க்க வேண்டியதில்லை, முக்கியமானதைச் சொன்னால் போதும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், மதிப்பெண் போவதென்னவோ இதிலும் போகிறது. விடைகளின் வரிசை எல்லாத் தாளிலும் ஒன்றுபோல் இராது. ஒன்றில் 'விளக்குகிறது' என்பது (அ), இன்னொன்றில் அதுவே (ஆ) அல்லது (ஈ). சில தாள்களில் 'விளக்கமல்ல' என்ற சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதால் கண் அதுவரை போகாமலே நின்றுவிடும். முதலில் கூற்றுக்கு எதிரே ஒரு டிக், காரணத்துக்கு எதிரே ஒரு டிக், நடுவில் 'விளக்கும்' அல்லது 'விளக்காது' என்று வினாத்தாளிலேயே குறித்துவிட்டு, அதன் பிறகு நான்கு விடைகளையும் முழுதாகப் படியுங்கள்.