பால் ஒத்துக்காது, இறால் ஒத்துக்காது: இரண்டும் ஒன்றல்ல

மட்டக்களப்பில் எல்லாவற்றுக்கும் "ஒத்துக்காது" என்ற ஒரே சொல்தான். என் மச்சாள் ஒரு கிளாஸ் பால் குடித்தால் ஒரு மணித்தியாலத்தில் வயிறு ஊதி, வயிற்றோட்டம். ஆனால் தேநீரில் கொஞ்சம் விட்டால் ஒன்றும் ஆகாது. பாலிலுள்ள சர்க்கரை செரிக்காததால் வருவது அது. அவதிதான், உயிராபத்தில்லை.

அவவின் மகனுக்கு இறால். ஒரு கரண்டிக் குழம்புதான். பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. இது ஒவ்வாமை. சிலருக்கு இறால் பொரித்த எண்ணெயே போதும்.

மூச்சு இழுத்தால், குரல் கரகரத்தால், தலைசுற்றினால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். ஆளைப் படுக்க வையுங்கள். மூச்சு முட்டினால் இருத்தலாம், நடக்க மட்டும் விடாதீர்கள். வீட்டிலிருக்கும் பிரிட்டோன் குளிசை கடியைத் தணிக்கும், தொண்டை வீக்கத்தை நிறுத்தாது. அதற்கு அட்ரினலின் ஊசிதான். குளிசையை நம்பிக் காத்திருப்பதுதான் பெரிய பிழை.

ஊசி போட்டுச் சுகமானாலும் சில மணித்தியாலம் கழித்துத் திரும்ப வரலாம். ஆஸ்பத்திரியில் மறித்தால் நில்லுங்கள். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, எப்போது தடித்தது என்று அன்றே எழுதிவையுங்கள்; பிறகு ஒவ்வாமைப் பரிசோதனைக்குப் போனால் டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.