ஒரே கவுன், மூன்று மாடல்கள்: படங்கள் ஒன்றுபோல வர என்ன செய்யணும்?

முதல் தடவை நான் ஒரு கருநீலக் காட்டன் கவுனை மூன்று பெண்களுக்குப் போட்டுப் படம் எடுத்தபோது, கடைப் பக்கத்தில் அது மூன்று வேறு உடுப்பாகத் தெரிந்தது. ஒன்றில் ஊதா, ஒன்றில் கறுப்பு, மூன்றாவதில் பூ வேலை பெரிதாக இருந்தது. ஒவ்வொரு படமும் தனியாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது, பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் குட்டு உடைந்தது. அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்ட விதி ஒன்றுதான்: மாடல் மாறலாம், கவுனின் நிறமும் அளவும் மாறக்கூடாது.

முதலில் கவுன்

மூவருக்கும் ஒரே சைஸ் பொருந்தாது. எஸ், எம், எல் என்று மூன்று பீஸ் எடுப்பீர்கள். அவற்றை ஒரே விளக்கின் கீழ் சேர்த்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். வேறு சாயத் தொகுதியில் வந்த துணியாக இருந்தால் நிறம் லேசாகத் தப்பும். அப்படிப்பட்ட பீஸை மாற்றிவிடுங்கள், கேமராவால் அதைச் சரிசெய்ய முடியாது. பிறகு ஒவ்வொன்றையும் தோள் தையலிலிருந்து கீழ் விளிம்புவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் எம் சைஸ் 110 செ.மீ., எல் 112. இந்த எண் பிறகு தேவைப்படும்.

வெளிச்சமும் கேமராவும்

ஜன்னல் வெளிச்சம் வேண்டாம். முதல் மாடல் முடிந்து மூன்றாமவர் வருவதற்குள் அது நிறம் மாறிவிடும். திரையைப் போட்டு ஜன்னலை மூடிவிட்டு, இரண்டு சாஃப்ட்பாக்ஸ்களைப் பக்கத்துக்கு ஒன்றாக வையுங்கள்.

என் ஊதாக் கவுனுக்குக் காரணம் கேமராவின் ஆட்டோ. மாடலின் தோல் நிறம், கூந்தல் என்று படச் சட்டத்துக்குள் எது மாறினாலும் அது வெளிச்சத்தையும் நிறத்தையும் புதிதாகக் கணக்குப் போடுகிறது. அதனால் எல்லாவற்றையும் மேனுவலில் பூட்டுங்கள். எனக்கு ஐஎஸ்ஓ 400, f/5.6, ஷட்டர் 1/100 ஒத்துவருகிறது. உங்கள் விளக்குக்கு இது மாறும். எண் எதுவானாலும் கடைசி மாடல்வரை அதையே வைத்திருங்கள். ஒயிட் பேலன்ஸையும் விளக்கில் போட்டிருக்கும் கெல்வின் எண்ணுக்குப் பூட்டி, ரா கோப்பாக எடுங்கள். ஒவ்வொரு மாடலும் நின்றதும் முதல் படத்தில் மட்டும் கையில் ஒரு கிரே கார்டை, அதாவது நிறம் சரிபார்க்கும் சாம்பல் அட்டையை, பிடிக்கச் சொல்லுங்கள்.

நிற்கும் இடம்

நிறைய பேர் கோட்டைவிடும் இடம் இதுதான். குள்ளமான மாடல் வந்தால் கேமராவை முன்னால் நகர்த்துவோம், உயரமானவர் வந்தால் பின்னால் போவோம். எல்லார் தலையும் ஒரே மட்டத்தில் வந்துவிடும். ஆனால் கவுனின் அளவு மாறிவிடும், பூ வேலை பெரிதும் சிறிதுமாகத் தெரியும்.

எங்கள் மாடல்களின் உயரம் 156, 164, 173 செ.மீ. மிக உயரமானவரை முதலில் நிறுத்தி, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, சட்டத்தின் உயரத்தில் சரியாக 200 செ.மீ. அடங்கும்படி வைத்தேன். 50 மி.மீ. லென்ஸும் நெடுக்காகத் திருப்பிய ஏபிஎஸ்-சி கேமராவும் இருந்ததால் சுமார் நாலேகால் மீட்டர் தூரம் வேண்டியிருந்தது. கேமரா இடுப்பு உயரத்தில். ட்ரைபாடின் மூன்று கால்களையும், மாடலின் இரண்டு பாதங்களையும் தரையில் டேப் ஒட்டிக் குறித்தேன். அதன் பிறகு கேமராவை யாரும் தொடவில்லை. மற்ற இருவர் தலைக்கு மேல் கூடுதல் இடம் தெரியும், தெரியட்டும். 156 செ.மீ. பெண்ணுக்குக் கவுன் முழங்காலுக்கு எவ்வளவு கீழே வருகிறது என்பதைத்தானே வாங்குகிறவர் பார்க்க வருகிறார்.

செருப்பு எல்லாருக்கும் ஒரே உயரம், அல்லது எல்லாரும் வெறுங்கால். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என மூன்று நிலை போதும். முதல் மாடலின் படத்தைத் திரையில் காட்டி அதேபோல் நிற்கச் சொல்லுங்கள். தலை வழியாகப் போடும் உடுப்பு என்றால் முகத்தில் மெல்லிய துணியைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், கழுத்தில் பவுடர் கறை ஏறாது.

கணினியில்

லைட்ரூம், டார்க்டேபிள் என எந்தப் படத் திருத்த மென்பொருளானாலும் சரி, ஒரு படத்தை மட்டும் கிரே கார்டு வைத்துத் திருத்தி, அதே திருத்தத்தையும் க்ராப்பையும் மற்ற எல்லாவற்றுக்கும் ஒட்டுங்கள். முகத்தைப் பார்த்துத் தனித்தனியாக வெளிச்சம் கூட்டினால் கவுனின் நிறமும் சேர்ந்து மாறிவிடும்.

இப்போது அந்த அளவு எண். முழுச் சட்டத்தையும் 2000 பிக்சல் உயரமாக்கினால் ஒரு செ.மீ.க்கு 10 பிக்சல். ஆகவே 110 செ.மீ. கவுன் ஏறக்குறைய 1100 பிக்சல் வரணும். துணி உடம்பில் வளைந்து விழுவதால் பத்திருபது பிக்சல் குறையலாம். ஒரு மாடலுக்கு எனக்கு 1135 வந்தது. திரும்பிப் பார்த்தால், அவர் டேப்பைத் தாண்டி அரை அடி முன்னால் நின்றிருந்தார். அந்தப் படங்களைத் திரும்ப எடுத்தோம்.

நிறத்துக்கு, எல்லாப் படத்திலும் மடிப்பில்லாத ஒரே இடத்தில், நான் இடுப்புக்கு மேலே பார்ப்பேன், நிற எண்களைப் படியுங்கள். ஒன்று மட்டும் விலகினால் அந்த மாடலின் கிரே கார்டு படத்தைப் பாருங்கள். கார்டும் விலகியிருந்தால் விளக்கு நகர்ந்திருக்கிறது. கார்டு சரியாக இருந்தால் பீஸைச் சந்தேகப்படுங்கள்.

கடையில் ஏற்றும்போது ஒவ்வொரு படத்தின் கீழும் மாடலின் உயரத்தையும் போட்டிருக்கும் சைஸையும் எழுதிவிடுங்கள். முதுகில் கிளிப் போட்டு இறுக்கிய படம் இருந்தால், அதை அந்த சைஸின் படம் என்று போடாதீர்கள்.