பைக் திருடு போனதும் ஸ்டேஷனில் யாரிடம் போய் நிற்பது?

எனக்குத் தம்பி முறையாகும் பையன் ஒருத்தன். வேலூர் பழைய பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த அவன் பைக் திருடு போய்விட, வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்டேஷன் படி ஏறினான். வாசலில் துப்பாக்கியோடு நின்ற பாரா காவலரிடமே முழுக் கதையையும் ஒப்பித்திருக்கிறான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உள்ள ரைட்டரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். பாராவுக்கு வேலை ஸ்டேஷனைக் காவல் காப்பது, மனு வாங்குவது அல்ல.

ரைட்டர் என்பவர் பெரும்பாலும் ஏட்டுதான். ஸ்டேஷனின் எழுத்து வேலை எல்லாம் அவர் கையில், ஆனால் முடிவெடுப்பவர் அவர் இல்லை. "இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்து போயிருக்காரு, சாயங்காலம் வாங்க" என்றார், இவனும் கிளம்பி வந்துவிட்டான். அங்கேதான் தப்பு. நிலையப் பொறுப்பு அதிகாரி வெளியே போயிருந்தால், அப்போது ஸ்டேஷனில் இருப்பவர்களில் அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவர், காவலருக்கு மேற்பட்ட பதவியில் இருந்தால் சரி, அவரே பொறுப்பு அதிகாரி என்கிறது சட்டம். அதனால் "இப்ப பொறுப்புல யாருங்க?" என்று கேளுங்கள். எஸ்.ஐ. இருந்தால் அவரிடம் மனுவைக் கொடுத்துவிடலாம்.

அடுத்த தப்பு மனுவிலேயே இருந்தது. "என் பைக்கைக் காணவில்லை, கண்டுபிடித்துத் தரவும்" என்று எழுதியிருந்தான். காணவில்லை என்றால் தொலைந்துபோனது என்றும் எடுத்துக்கொள்ளலாம் இல்லையா? காலை எத்தனை மணிக்கு எந்த இடத்தில் பூட்டி நிறுத்தினேன், எத்தனை மணிக்கு வந்து பார்த்தேன், யாரோ திருடிச் சென்றுவிட்டார்கள் என்று எழுதி, வண்டி எண்ணோடு எஞ்சின், சேசிஸ் எண்களையும் சேர்க்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தே எழுதுங்கள், பதற்றத்தில் ஒரு எழுத்து மாறிப்போகும்.

கையில் கிடைத்த சி.எஸ்.ஆர். ரசீதை எஃப்.ஐ.ஆர். என்றே நினைத்துக்கொண்டு இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனான், திருப்பி அனுப்பிவிட்டார்கள். சி.எஸ்.ஆர். என்றால் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆரில்தான் குற்ற எண்ணும் சட்டப்பிரிவும் இருக்கும், திருட்டுக்கு தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 303(2). அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173-இலேயே இருக்கிறது. பதிய மறுத்தால் மனுவை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

அப்புறம் ஒரு வாரம் ரைட்டருக்கே போன் போட்டுக்கொண்டிருந்தான், பாவம் அவருக்கும் எரிச்சல். வழக்கு பதிவானதும் அதை நடத்துபவர் விசாரணை அதிகாரி. அவர் யார் என்பது எஃப்.ஐ.ஆரிலேயே இருக்கும். இடத்தைப் பார்க்க வருவதும், சாட்சிகளை விசாரிப்பதும், சிசிடிவி பதிவைக் கேட்டு வாங்குவதும் அவர் பொறுப்பு. பக்கத்துக் கடையில் கேமரா இருந்தால் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள், பழைய பதிவு தானாக அழிந்துவிடும். 90 நாட்களுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரருக்குச் சொல்ல வேண்டியவரும் அவர்தான். வண்டி கிடைக்கவே இல்லை என்றால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை போவதும் அவர் கையெழுத்தில்தான். இன்சூரன்ஸ்காரர் கடைசியில் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.