பொருத்தம் பார்க்க நட்சத்திரமும் ராசியும் போதும்

குடியாத்தத்தில் ஒரு வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். பெண்ணுக்கு ரோகிணி, ரிஷபம். பையனுக்கு உத்திரம், கன்னி. பத்துப் பொருத்தம் பார்க்க இவ்வளவுதான் தேவை. உத்திரம் போல இரண்டு ராசியில் வரும் நட்சத்திரமாக இருந்து ராசி தெரியாவிட்டால் மட்டும் பாதம் தெரிய வேண்டும். அது ஜாதகத்திலேயே இருக்கும்.

ஆனால் சில இலவசத் தளங்கள் முழுப்பெயர், பிறந்த தேதி, செல்போன் எண், போட்டோ எல்லாம் கேட்கும். எண்ணைக் கொடுத்த பிறகு முன்பின் தெரியாத புரோக்கர்கள் கூப்பிட ஆரம்பித்தால் அது கைமாறியிருக்கலாம். பெரிய ஆபத்து பெயரும் தேதியும் சேர்ந்து போவதுதான். இ-ஆதார் பிடிஎஃப்பின் பாஸ்வேர்டே பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தானே! போட்டோவோ போலி வரன் விளம்பரத்தில் போய் உட்காரும்.

அதனால் நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்தாலே முடிவு காட்டும் தளமாகப் பாருங்கள். ஓடிபி கேட்டால் மூடிவிடுங்கள். கட்டம் போட வேண்டுமென்றால் தேதி, நேரம், ஊர் கொடுத்தே ஆகவேண்டும். சரி, பெயருக்குப் பதில் ஓர் எழுத்து போடுங்கள். குடியாத்தம் பட்டியலில் இல்லாவிட்டால் வேலூர் போதும். கணக்கில் ஒரு நிமிட வித்தியாசம்தான்.

முடிவை வாட்ஸ்அப்பில் லிங்க்காக அனுப்பாதீர்கள். சில தளங்களில் பிறந்த தேதி அந்த லிங்க்கிலேயே இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெயர், தேதியை வெட்டிவிட்டு அனுப்புங்கள்.