ஒரே ‘ஜ சுயி கோன்தோன்’ போதாது: எனக்குக் கைகொடுத்த ‘எனக்கு’

‘ஜ சுயி கோன்தோன்’ என்றால் பிரெஞ்சில் ‘நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்’. எல்லா உணர்வுகளுக்கும் அது ஒன்றே போதாதே! ‘உன் நினைவாகவே இருக்கிறது’ என்று சொல்ல நினைத்து ‘ஜ த மாங்க்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். அதற்கு அர்த்தமே தலைகீழ்: ‘உனக்குத்தான் என் நினைவு வாட்டுகிறது’! ஆங்கிலத்தின் வழியாக யோசித்ததால் வந்த வினை.

தமிழில் யோசித்ததும் சரியானது. ‘த்யூ ம மாங்க்’: த்யூ என்றால் நீ, ம என்றால் எனக்கு. ‘நீ எனக்குக் குறைகிறாய்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாத ஆள்தான் எழுவாய்; ஏங்குபவருக்கு ‘எனக்கு’. அம்மாவையும் அப்பாவையும் நினைத்து நான் ஏங்கினால் ‘மே பரோன் ம மாங்க்’. இங்கே எழுவாய் பன்மை என்பதால் எழுதும்போது வினையின் விகுதி மாறும், காதுக்கு மாறாது.

அடுத்து இடறிய இடம், ‘அது என்னை வருத்தப்படுத்துகிறது’. ‘ஸ ம ஃபே ட்ரீஸ்த்’ தவறு. பின்னால் வருவது ட்ரீஸ்த் போன்ற பெயரடை என்றால் வினை ரோன்: ‘ஸ ம ரோன் ட்ரீஸ்த்’. பயம், மகிழ்ச்சி போன்ற பெயர்ச்சொல் என்றால் ஃபே: ‘ஸ ம ஃபே பெர்’, ‘ஸ ம ஃபே ப்ளெஸீர்’. அழ வைக்கிறது என்று வினை வந்தாலும் ஃபேதான்: ‘ஸ ம ஃபே ப்ளெரே’.

காரணமே இல்லாமல் மனசு சோர்ந்திருந்தால் ‘ஜே ல கஃபார்’. நேர்ப்பொருள், ‘எனக்குக் கரப்பான்பூச்சி இருக்கிறது’. நண்பர்களிடம் சொல்லலாம், அலுவலகக் கடிதத்தில் வேண்டாம்.